சங்கக் கூட்டத்தில் பேஜ் டைட்டிலுக்கு ஒரு பேச்சா?

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 6, இரவு 9:12

இந்த மாத வணிகர் சங்கக் கூட்டத்தில் வெப்சைட் டைட்டில், டிஸ்கிரிப்ஷன் பற்றி ஒருவர் பேசப்போகிறாராம். ஜி.எஸ்.டி., கடை வாடகை, நூல் விலை என்று பேச எவ்வளவோ கிடக்கிறது. என் ஜமக்காளக் கடைக்கும் வெப்சைட் இருக்கிறது, மகன் ஆள் வைத்துப் போட்டுக் கொடுத்தான். அதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கூகுளில் கடைப் பெயரைத் தட்டினால் முதலாவதாக வருகிறது. அதற்கு மேல் டைட்டிலில் என்ன இருக்கிறது?

பாவுநூல் | ஜனவரி 6, இரவு 10:40

பேசப்போகிற ஆள் நான்தான்.

கடைப் பெயரைத் தட்டினால் வருவதில் ஒன்றும் இல்லை அண்ணா. பெயர் தெரிந்தவர் எப்படியும் உங்களிடம் வந்துவிடுவார். சேலத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கு உங்கள் கடைப் பெயர் தெரியாது. அவர் `bhavani jamakkalam 9x12 price` என்று தட்டுவார். அவர் பார்ப்பது உங்கள் கடையை அல்ல, ஒரு நீல வரியும் அதன் கீழே இரண்டு சின்ன வரிகளும்தான். நீல வரி பெரும்பாலும் பேஜ் டைட்டிலிலிருந்து வருகிறது. கீழே உள்ளது சில நேரம் டிஸ்கிரிப்ஷன், சில நேரம் பக்கத்திலிருந்து கூகுளே பொறுக்கியது.

ஒரு சோதனை செய்யுங்கள். கூகுளில் `site:` என்று போட்டு இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியைத் தட்டுங்கள். உங்கள் பக்கங்கள் மட்டும் வரிசையாக வரும். அந்த நீல வரிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 6, இரவு 11:05

தட்டினேன். எல்லாமே ஒன்றுதான். `Home - ` என்று போட்டு என் கடைப் பெயர். கீழே போகப் போக அதே வரி. தொடர்பு கொள்ளும் பக்கத்துக்கும் Home, ஜமக்காளப் பக்கத்துக்கும் Home.

அது போகட்டும். முதல் வரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "ஊரடங்கு காரணமாக எங்கள் கடை மறு அறிவிப்பு வரும் வரை மூடப்பட்டுள்ளது." கொரோனா போய் எத்தனை வருஷம் ஆச்சு! வெப்சைட்டைத் திறந்தால் அப்படி ஒரு வரியே கண்ணில் படவில்லை. யார் செய்த வேலை இது?

பாவுநூல் | ஜனவரி 6, இரவு 11:20

சிரிக்கக் கூடாது, ஆனாலும் சிரிப்பு வருகிறது. பேச்சில் இதைக் காட்டலாமா? கடைப் பெயரை மறைத்துவிடுகிறேன்.

கட்டைவிரல் | ஜனவரி 7, காலை 6:15

இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். யாரும் சதி செய்யவில்லை. ஊரடங்கு நேரத்தில் மேலே ஒரு பட்டை ஓடவிட்டிருப்பார்கள். முடிந்ததும் அதை எடுக்காமல், கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்துவிட்டார்கள். பக்கத்தின் மூலத்தில் எழுத்து அப்படியே இருக்கிறது. கணினியில் பக்கத்தைத் திறந்து மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து View page source பாருங்கள், பிறகு Ctrl+F போட்டு "ஊரடங்கு" என்று தேடுங்கள். நிச்சயம் கிடைக்கும். அநேகமாக மேலே இப்படி இருக்கும்:

```html
<title>Home - கடைப் பெயர்</title>
<meta name="description" content="">
```

டிஸ்கிரிப்ஷன் காலி. பக்கத்திலும் படம்தான் நிறைய, எழுத்து குறைவு. கூகுளுக்கு எடுத்துப் போட ஏதாவது வேண்டுமே, அந்தப் பட்டையில் மட்டும்தான் முழு வாக்கியம் இருந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டது.

டைட்டில் எல்லாம் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் வேறு. வெப்சைட்டின் தோற்றத்தைத் தரும் தீமின் தலைப்புக் கோப்பில் யாரோ கையால் ஒரே டைட்டிலை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமாகப் போய் மாற்றினாலும் மாறாது. முதலில் அந்த வரியை எடுக்க வேண்டும். மகனிடம் இதைச் சரியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றிவிட்டு "கூகுள் கேட்கவில்லை" என்பார்.

மேட்டூர் ரோடு மளிகை | ஜனவரி 7, காலை 10:30

எனக்கும் இதே பிரச்சினைதான். கூகுளில் என் கடைப் பெயரை நன்றாக நீட்டிப் போட்டால் நிறையப் பேர் வருவார்கள் என்று ஒருவர் சொன்னார். கடைப் பெயர், அப்புறம் "மலிவு விலை மளிகை, அரிசி மண்டி, ஹோல்சேல், பவானி" என்று சேர்த்தோம். கொஞ்ச நாள் நன்றாக வந்தது. இப்போது மேப்பில் கடையே காணவில்லை. டைட்டில் மாற்றினால் திரும்ப வருமா?

பாவுநூல் | ஜனவரி 7, மதியம் 1:50

ஐயா, நீங்கள் சொல்வது வெப்சைட் அல்ல, மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைல். இரண்டும் வேறு வேறு. அங்கே கடைப் பலகையில் என்ன பெயரோ அது மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. சரக்குப் பெயர்களைச் சேர்த்தால் புரொஃபைலையே நிறுத்திவைப்பார்கள். பெயரைப் பலகையில் உள்ளபடி மாற்றிவிட்டு, பலகை, ஜி.எஸ்.டி. சான்று படங்களோடு முறையீடு கொடுங்கள். வெப்சைட் டைட்டிலில் இதற்கு வழி இல்லை.

இதைப் பேச்சில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேருக்கு "கூகுளில் இருக்கிறேன்" என்றால் மேப்தான்.

டிஜிட்டல் தம்பி | ஜனவரி 7, மாலை 4:05

நான் ஈரோட்டில் எஸ்.இ.ஓ., அதாவது வெப்சைட்டைக் கூகுளில் மேலே கொண்டுவரும் வேலை செய்கிறேன். இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. டைட்டில் 60 எழுத்து, டிஸ்கிரிப்ஷன் 160 எழுத்து. டைட்டிலில் ஆட்கள் தேடும் எல்லா கீவேர்டையும் போட்டுவிட வேண்டும். டிஸ்கிரிப்ஷனிலும் அதே வார்த்தைகள் வந்தால் ரேங்க் ஏறும். மெட்டா கீவேர்ட்ஸ் டேகையும் மறக்காதீர்கள்.

பாவுநூல் | ஜனவரி 7, மாலை 6:30

தம்பி, கீவேர்ட்ஸ் டேகை ரேங்குக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே எழுதிவிட்டது. டிஸ்கிரிப்ஷனையும் ரேங்குக்கு எடுப்பதில்லை என்று அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்துத்தான் ஒருவர் உங்கள் மேல் விரல் வைப்பதா அடுத்த கடைக்குப் போவதா என்று முடிவு செய்கிறார். ஊரடங்கு வரியைப் பார்த்தவர் எவரும் கூடுதுறை அண்ணன் கடைக்குள் வந்திருக்க மாட்டார். கடை மூன்றாவதாக வந்தும் பிரயோஜனம் இல்லை.

டைட்டிலை ரேங்குக்குப் பார்க்கிறார்கள் என்பது சரி. அதற்காக எல்லாச் சரக்கையும் ஒரே வரியில் திணித்தால் கூகுள் அதை ஒதுக்கிவிட்டு வேறு ஒன்றை எழுதிக்கொள்ளும்.

கட்டைவிரல் | ஜனவரி 7, இரவு 8:10

அந்த மாற்றி எழுதும் வேலை 2021 ஆகஸ்ட்டில் அதிகமானது. அப்போது நிறையப் பேர் கத்தினார்கள். அடுத்த மாதம் கூகுள் சமாதானம் சொன்னது, ஏறக்குறைய 87 சதவீத நேரம் பக்கத்தின் டைட்டிலையேதான் பயன்படுத்துகிறோம் என்று. மீதிக்குப் பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ, மற்றவர்கள் கொடுத்த இணைப்பு எழுத்திலிருந்தோ எடுக்கும். எல்லாப் பக்கத்திலும் ஒரே டைட்டில் இருந்தால் அந்த மீதியில் விழ வாய்ப்பு அதிகம்.

60 எழுத்துக் கணக்கு தமிழுக்கு ஆகாது தம்பி. கூகுள் வெட்டுவது திரையில் உள்ள அகலத்தை வைத்து. ஆன்லைன் கருவிகள் எண்ணுவது கணினிக் குறியீடுகளை. "ஜமக்காளம்" நம் கண்ணுக்கு 6 எழுத்து. கருவி 9 என்று காட்டும், புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுவதால். கருவி சிவப்பு காட்டினால் பதற வேண்டாம், முக்கியமானது முன்னால் இருக்கட்டும். வெட்டினாலும் வால்தான் போகும்.

டிஜிட்டல் தம்பி | ஜனவரி 7, இரவு 8:25

160 கூடவா தப்பு?

கட்டைவிரல் | ஜனவரி 7, இரவு 8:40

தப்பு இல்லை, நிலையில்லாதது. 2017 டிசம்பரில் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக நீட்டினார்கள். எல்லோரும் உட்கார்ந்து நீளமாக எழுதினார்கள். 2018 மே மாதம் மறுபடி பழைய அளவுக்கு வந்துவிட்டது. நானும் ஒரு வாடிக்கையாளருக்கு நீட்டிக் கொடுத்துக் காசு வாங்கினேன், குறைத்துக் கொடுத்தும் வாங்கினேன்.

பாவுநூல் | ஜனவரி 8, காலை 7:00

நேற்று இரவு பேச்சை மறுபடி பிரித்துப் போட்டேன். எழுத்துக் கணக்குப் பகுதி முழுதும் போயாச்சு. அந்த இடத்தில் வாட்ஸ்அப்பை வைத்திருக்கிறேன். நம் ஆட்கள் கூகுளைவிட அதிகம் லிங்க் அனுப்புவது வாட்ஸ்அப்பில்தான். லிங்கை ஒட்டினால் மேலே ஒரு சின்னப் பெட்டி வருமே, அதில் வரும் எழுத்து எங்கிருந்து வருகிறது? லிங்க் பகிர்வதற்கு என்று `og:title` தனியாக இருந்தால் அதிலிருந்து. இல்லையென்றால் பெரும்பாலும் அதே பேஜ் டைட்டில். கூடுதுறை அண்ணன் மொத்த வியாபாரிக்கு 9×12 ஜமக்காளத்தின் லிங்கை அனுப்பினால் பெட்டியில் Home என்று வரும். கூகுளில் பார்க்காதவருக்கும் இது உடனே புரியும்.

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 8, காலை 11:45

ஆமாம், Home என்றுதான் வருகிறது. இத்தனை நாள் அது ஏதோ வாட்ஸ்அப்பின் பட்டன் என்று நினைத்தேன்.

மகனிடம் காட்டினேன். கட்டைவிரல் சொன்ன அதே வரி தீமில் இருந்தது, எடுத்துவிட்டான். பட்டையையும் அழித்தாச்சு. இப்போது எனக்கு 9×12 பக்கத்துக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாவுநூல் | ஜனவரி 8, மதியம் 2:20

நான்கு கேள்விக்குப் பதில் தாருங்கள். என்ன சரக்கு, எந்த அளவு, எப்படி நெய்தது, வாங்குபவர் பணம் கட்டுமுன் என்ன கேட்பார்?

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 8, மதியம் 3:00

ஜமக்காளம். 9க்கு 12 அடி. பருத்தி. எடை கேட்பார்கள், சாயம் போகுமா என்பார்கள், பத்துக்கு மேல் எடுத்தால் என்ன விலை என்பார்கள். பார்சல் செலவு யார் என்பார்கள். எல்லோரும் கேட்பது இதுதான்.

பாவுநூல் | ஜனவரி 8, மதியம் 3:35

அவர்கள் கேட்பதையே எழுதினால் போதும்.

```html
<title>பவானி ஜமக்காளம் 9×12 அடி, கைத்தறி | கடைப் பெயர்</title>
<meta name="description" content="9×12 அடி பருத்தி ஜமக்காளம்: எடை, நிறங்கள், சாய விவரம். 10க்கு மேல் எடுத்தால் மொத்த விலை. தமிழ்நாடு முழுதும் பார்சல். வாட்ஸ்அப்பில் கேட்கலாம்.">
```

கடைப் பெயர் கடைசியில். முகப்புப் பக்கத்தில் மட்டும் முதலில் வைக்கலாம். டிஸ்கிரிப்ஷனில் சொன்ன எடையும் சாயமும் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே இல்லாததை இங்கே சொன்னால் வருபவர் உடனே திரும்பிவிடுவார்.

தறிக்குழி | ஜனவரி 8, மாலை 5:10

நெய்கிற வீட்டுப் பெண் நான். "எப்படி நெய்தது" என்று பாவுநூல் கேட்டார், ஜவுளிக்கடைக்காரர் "பருத்தி" என்று சொல்லித் தாண்டிவிட்டார். அதற்குள் டைட்டிலில் கைத்தறி வந்துவிட்டது. அந்த 9×12 கைத்தறியா, விசைத்தறியா? எங்கள் வீட்டில் அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் தறியில் உட்கார்கிறோம். விசைத்தறியில் ஓட்டியதற்கு "பவானி கைத்தறி" என்று கூகுளில் போட்டால் எங்கள் விலை கேட்பவர்கள் அதை வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள். புவிசார் குறியீடு இருக்கிற சரக்கு இது. 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் ஜமக்காளம் இருக்கிறது.

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 8, மாலை 6:00

இரண்டும் வைத்திருக்கிறேன் அம்மணி. கேட்பவருக்குக் கேட்பதைக் கொடுப்போம். எல்லா ஊரிலும் இப்படித்தான்.

தறிக்குழி | ஜனவரி 8, மாலை 6:12

அப்படியானால் எது எது என்று எழுதுங்கள்.

பாவுநூல் | ஜனவரி 8, இரவு 9:30

இதில் அம்மணி சொல்வதுதான் சரி. நான் தறி எதுவென்று பதில் வருமுன் எழுதிவிட்டேன், அந்தச் சொல்லை நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்கும் பிரிப்பது நல்லது. கைத்தறிக்கு ஒரு பக்கம், விசைத்தறிக்கு ஒரு பக்கம், இரண்டுக்கும் வெவ்வேறு டைட்டில். `handloom` என்று தேடுபவர் விலை அதிகம் என்று தெரிந்தே வருகிறார். மண்டபத்துக்கு நூறு வாங்குபவர் விலைதான் பார்ப்பார், அவருக்கு எந்தத் தறி என்பது முக்கியமில்லை. ஒரே பக்கத்தில் இருவரையும் பிடிக்கப் பார்த்தால் முதலாமவர் சந்தேகப்படுவார், இரண்டாமவர் விலையைப் பார்த்து ஓடிவிடுவார். விசைத்தறிச் சரக்குக்கு எந்தப் பெயரில் விற்கலாம் என்பதை வக்கீலிடம் கேளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

மேட்டூர் ரோடு மளிகை | ஜனவரி 9, காலை 9:20

டிஸ்கிரிப்ஷனில் விலையே போட்டுவிட்டால் என்ன? நாங்கள் அரிசிக்குப் போட்டிருக்கிறோம்.

பாவுநூல் | ஜனவரி 9, காலை 9:50

அரிசி விலை வாரம் மாறுகிறதே ஐயா. நீங்கள் பக்கத்தில் மாற்றினாலும், கூகுள் மறுபடி வந்து படிக்கும் வரை பழைய விலைதான் அங்கே நிற்கும். வாடிக்கையாளர் திரையைக் காட்டிச் சண்டைக்கு வருவார்.

கட்டைவிரல் | ஜனவரி 9, காலை 11:00

நான் போடச் சொல்வேன். விலை தெரிந்தால் வீணாக வருபவர் குறைவார். நூல் விலை ஏறினால் மாற்றுங்கள், வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அந்தப் பக்க முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில நாளில் மாறும்.

பாவுநூல் | ஜனவரி 9, மதியம் 12:30

சில நாளா, சில வாரமா என்பது உங்கள் கையிலும் இல்லை என் கையிலும் இல்லை. வேட்டி, துண்டு மாதிரி விலை நிற்கிற சரக்குக்குச் சரி. ஜமக்காளத்துக்கு நான் சொல்ல மாட்டேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

டிஜிட்டல் தம்பி | ஜனவரி 9, இரவு 7:15

டைட்டில் தமிழிலா, ஆங்கிலத்திலா? தேடுபவர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். `jamakkalam`, `jamukkalam` இரண்டும் வருகிறது.

பாவுநூல் | ஜனவரி 9, இரவு 9:05

இது நல்ல கேள்வி. எழுத்துப் பிழைகளைக் கூகுள் ஓரளவு தானே சேர்த்துக்கொள்ளும், ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பக்கம் தேவையில்லை. மொழிக்கு ஒரே பதில் கிடையாது. சர்ச் கன்சோலில் Performance பகுதியைத் திறந்தால் ஆட்கள் உண்மையில் என்ன தட்டி உங்களைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். கடைசி 16 மாதம் வரை பார்க்கலாம். ஆங்கில எழுத்து அதிகம் என்றால் டைட்டிலில் ஆங்கிலத்தை முன்னால் வைத்து, பக்கத்தை இரண்டிலும் எழுதுங்கள். ஒரே வரியில் இரண்டையும் அடைக்கலாமா என்று கேட்டால், ஜமக்காளம் மாதிரி சின்னப் பெயருக்கு அடைக்கலாம். அதற்கு மேல் போனால் வரி வெட்டுப்படும்.

அதே பட்டியலில் இன்னொன்றும் பாருங்கள். ஒரு தேடலுக்கு நிறையத் தடவை காட்டப்பட்டு, நல்ல இடத்திலும் இருந்து, கிளிக் மட்டும் வரவில்லை என்றால், அந்தப் பக்கத்தின் டைட்டிலையும் கீழே வரும் வரியையும் சந்தேகப்படலாம். கடைசிப் பக்கத்தில் கிடந்தால் டைட்டில் மட்டும் மாற்றி ஒன்றும் ஆகாது.

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 19, காலை 10:10

ஊரடங்கு வரி போய்விட்டது. முகப்பு, கைத்தறிப் பக்கம் இரண்டும் நீங்கள் எழுதியபடி கூகுளில் வந்துவிட்டன. விசைத்தறிப் பக்கம் மட்டும் நாம் கொடுத்த டைட்டிலைக் காட்டாமல் "Shop" என்று காட்டுகிறது. மகனுக்குப் புரியவில்லை.

கட்டைவிரல் | ஜனவரி 19, காலை 10:45

பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் என்ன தலைப்பு இருக்கிறது?

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 19, காலை 10:52

Shop.

கட்டைவிரல் | ஜனவரி 19, காலை 10:55

அதையும் மாற்றுங்கள்.

பாவுநூல் | ஜனவரி 26, இரவு 10:20

கூட்டம் நேற்று முடிந்தது. பேச்சைவிட சோதனைதான் நடந்தது. `site:` என்று திரையில் எழுதியதும் ஆளாளுக்குப் போனை எடுத்துவிட்டார்கள். ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு டைட்டில் `Just another WordPress site` என்று வந்தது. முன்பு வேர்ட்பிரஸ் நிறுவும்போது தானாக வந்த வரி அது, யாரும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இன்னொருவருக்கு வேறு ஊர்ச் சலூனின் பெயர் வந்தது, டெவலப்பர் பழைய வேலையை நகலெடுத்திருக்கிறார். வாட்ஸ்அப் பெட்டியில் மாற்றம் உடனே தெரியவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். ஏற்கெனவே அனுப்பிய செய்தியில் பெட்டி மாறவே மாறாது. புதிதாக அனுப்பும்போதும் போன் பழையதை வைத்திருந்தால் முகவரியின் கடைசியில் `?v=2` சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

மேட்டூர் ரோடு மளிகை | ஜனவரி 27, காலை 8:40

மேப்பில் கடை வந்துவிட்டது. பலகையில் உள்ள பெயர்தான். முறையீட்டுக்குப் பலகைப் படம் கேட்டார்கள், அதில் தூசி அதிகம் என்று துடைத்துவிட்டு எடுத்தோம்.

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 28, மாலை 5:25

நேற்று நாமக்கல்லிலிருந்து ஒருவர் கூப்பிட்டு 9×12 எத்தனை கிலோ என்று கேட்டார். கூகுளில் பார்த்துத்தான் கூப்பிட்டாரா, யாராவது சொல்லி அனுப்பினார்களா என்று கேட்க மறந்துவிட்டேன். கைத்தறி விலை சொன்னதும் யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். விசைத்தறிப் பக்கத்தின் லிங்கை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் சரியாக வந்தது.

தறிக்குழி | ஜனவரி 28, மாலை 5:40

அதில் விசைத்தறி என்று எழுதியிருக்கிறதா?

கூடுதுறை ஜவுளி | ஜனவரி 28, மாலை 5:41

எழுதியிருக்கிறது அம்மணி, எழுதியிருக்கிறது.